நேராக ஓடும் பின்சில்லும் நடுவில் இல்லாமல் போகலாம்: கம்பி மாற்றி, நெளிவெடுத்து, நடுப்பார்க்கும் முறை

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணன் இருக்கிறார். விடியற்காலையில் பின்கரியரில் மீன்பெட்டி கட்டி, உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் சைக்கிளில் விற்கப் போவார். போன மாதம் ஒரு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். 26 அங்குலச் சில்லு, கியர் வைத்த சைக்கிள், பின்சில்லில் 36 கம்பிகள். அதில் செயின் ஓடும் பக்கத்துக் கம்பிகள் இரண்டு ஹப்போடு முறிந்து தொங்கின. ரிம் ஒரு பக்கம் ஒதுங்கி, பிறேக் கட்டையில் உரசிச் சுற்ற மறுத்தது.

"தம்பி, ரெண்டு கம்பிதானே, அதைப் போட்டுவிட்டாச் சரிதானே?" என்றார்.

இதே எண்ணத்தோடுதான் பலரும் வீட்டில் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். கம்பியைப் போடுவார்கள், நெளிவையும் எடுத்துவிடுவார்கள். சில்லு ஆடாமல் நேராக ஓடும். ஆனால் ரிம் முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளி நிற்கும். பிறேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் தேயும், கையை விட்டு ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கொஞ்ச நாளில் இன்னொரு கம்பி முறியும். நெளிவு எடுப்பதும் நடுவுக்குக் கொண்டுவருவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதைத்தான் கடைக்காரர்கள் 'டிஷ்' என்கிறார்கள். அந்த அண்ணனின் சில்லை வைத்தே இரண்டையும் சொல்கிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். வேலைக்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் இடமும் வலமும் குழம்பிவிடும். ஆகவே செயின் ஓடும் பக்கத்தைப் 'பிறீவீல் பக்கம்' என்றும், எதிர்ப் பக்கத்தை 'மறுபக்கம்' என்றும் சொல்கிறேன். சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டாலும் இந்தப் பெயர்கள் மாறா.

கம்பி ஏன் முறிகிறது

ஓடும் சில்லில் தரையைத் தொடும் இடத்துக்கு நேரே உள்ள கம்பிகளின் இழுவை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைந்து, மேலே போனதும் திரும்பக் கூடும். கம்பி நன்றாக இறுகியிருந்தால் இந்தக் குறைவு அதற்கு ஒரு பொருட்டில்லை. தளர்ந்திருந்தால் கீழே வரும்போது இழுவை இல்லாமலே போய்விடும், மேலே போகும்போது சட்டென்று இழுபடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால், ஹப்பில் கொளுவும் வளைந்த இடத்தில் மயிர்க்கோடு போல விரிசல் விழுந்து ஒரு நாள் கம்பி முறிகிறது. பெரிய பள்ளம் எதிலும் விழாமல், நேர்த்தெருவில் மெதுவாகப் போகும்போதே கம்பி 'டிங்' என்று போவது இதனால்தான். ஆக, முறிந்த கம்பியைப் பார்த்தால் தளர்ந்த கம்பியையும் தேட வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கடற்காற்று போதாதென்று மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் நேரே பின்ஹப்பிலும் ரிம்மிலும் இறங்குகிறது. கம்பியின் வளைவில் துரு பிடித்தால் விரிசல் அங்கேயே சீக்கிரம் தொடங்கும். கம்பியின் முனையை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டான நிப்பிளுக்குள்ளும் உப்பு ஏறி மரை இறுகிப்போகும். மீன் ஏற்றுபவர்கள் தினமும் நல்ல தண்ணீரை ஒரு வாளி பின்சில்லில் ஊற்றினாலே பாதிப் பிரச்சினை வராது.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்போக் சாவி ஒன்று வேண்டும். வட்டமாக, ஓரத்தில் பல அளவு வெட்டுகளோடு வரும் சாவி மலிவு, ஆனால் எந்த வெட்டு உங்கள் நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். தளர்வான வெட்டைப் போட்டுத் திருகினால் நிப்பிளின் நான்கு மூலைகளும் மழுங்கிவிடும், அப்புறம் அதைக் குறடு போட்டுக் கழற்றி எறிய வேண்டியதுதான். சாவியை முழு ஆழத்துக்கு ஏற்றிப் பிடித்தே திருகுங்கள். இதோடு மில்லிமீட்டர் கோடிட்ட இரும்பு அடிமட்டம், சோக்கட்டி, கொஞ்சம் எண்ணெய், இன்சுலேஷன் டேப், அரம், ஸ்குறூ டிரைவர், ஸ்பேனர் ஆகியவையும் வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் அதன் சட்டமே சில்லைப் பிடிக்கும் தாங்கி.

புதுக் கம்பி வாங்க முறிந்ததை மட்டும் கொண்டுபோகாதீர்கள். முறிந்ததில் முனை போயிருக்கும், நீளம் தெரியாது. பிறீவீல் பக்கத்திலிருந்தே நல்ல கம்பி ஒன்றைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோங்கள். கியர் வைத்த பின்சில்லில் இரண்டு பக்கக் கம்பிகளும் பொதுவாக ஒரே நீளம் இல்லை, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபடும். நீளத்தை வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளக்க வேண்டும். தடிப்பும் அதேயாக இருக்கட்டும். கூடுதலாக இரண்டு கம்பியும் நாலு நிப்பிளும் வாங்கி வைப்பது நல்லது.

பிறீவீலைக் கழற்றுவது

புதியவர்கள் பலர் நின்றுபோகும் இடம் இது. பிறீவீல் பக்கத்துக் கம்பியை ஹப்பின் தட்டில் உள்ள துளை வழியாக நுழைக்க வேண்டும், அந்தத் துளைகளைப் பிறீவீலின் பற்சக்கரங்கள் மறைத்து நிற்கும். கழற்றாமல் கம்பியை வளைத்து நுழைக்கப் பார்த்தால் புதுக் கம்பி போடும்போதே கெட்டுவிடும்.

இங்கே ஓடும் சாதாரணக் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஹப்பில் மரையேற்றித் திருகிய பிறீவீல்தான் இருக்கும். அதன் நடுவில் இரண்டு வெட்டோ சுற்றிலும் பற்களோ தெரியும், அதற்குப் பொருந்தும் கழற்றி தனியாக விற்கிறார்கள். கழற்றியை வைத்து, அது வழுகாமல் இருக்க அச்சு நட்டை அதன் மேல் கையால் இலேசாகத் திருகிவிடுங்கள். பிறகு பெரிய ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மிதிக்க மிதிக்க இறுகிய மரை என்பதால் நல்ல பலம் கேட்கும். 'டக்' என்று ஒரு தடவை விட்டதும் உடனே நட்டைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கழற்றியும் நட்டும் ஒன்றையொன்று நெரிக்கும். அசையவே இல்லையென்றால் சில்லை நகரில் ஒரு சைக்கிள் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோய், இடுக்கியில் கழற்றியைப் பிடித்து அதை மட்டும் கழற்றித் தரக் கேளுங்கள். அந்த அண்ணனின் சில்லுக்கு நான் அதைத்தான் செய்தேன், உப்பு ஏறியிருந்தது. திரும்பப் போடும்போது மரையில் கிறீஸ் பூசிக் கையால் ஏற்றினால் போதும், மிதிக்கும்போது தானாக இறுகிக்கொள்ளும்.

கம்பி போடுவது

ரயரையும் ரியூபையும் ரிம் நாடாவையும் கழற்றிவிடுங்கள். கம்பி மாற்றாமல் நெளிவு மட்டும் எடுப்பதென்றால் காற்றை இறக்கினால் போதும், ஆனால் கம்பி மாற்றும்போது உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் இரவே எல்லா நிப்பிள்களுக்கும் இரண்டு இடத்தில் ஒவ்வொரு துளி எண்ணெய் விடுங்கள்: கம்பி நிப்பிளுக்குள் நுழையும் வாயில் ஒன்று, நிப்பிள் ரிம்மில் அமரும் இடத்தில் ஒன்று. துருவோடு திருகினால் நிப்பிள் சுற்றாது, கம்பி முறுகும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். ரிம்மைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஹப்பில் 'லொடக் லொடக்' என்று ஆட்டம் தெரிந்தால் அங்குள்ள கோன் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்காமல் நெளிவு எடுக்கப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் அளவு மாறிக்கொண்டே இருக்கும், நாள் முழுக்கத் திருகினாலும் முடியாது.

இனிக் கம்பி. ஹப்பின் தட்டில் ஒரு கம்பியின் தலை வெளிப்புறம் தெரிந்தால் அடுத்ததன் தலை உட்புறம் இருக்கும். முறிந்ததற்கு இரு பக்கமும் உள்ளவற்றைப் பார்த்து, புதுக் கம்பியின் தலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 36 கம்பிச் சில்லில் வழமையான பின்னலில் ஒரு கம்பி தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் கடக்கும். முதல் இரண்டை ஒரு புறமாகவும், ரிம்முக்குக் கிட்ட உள்ள மூன்றாவதை மறுபுறமாகவும் கடக்கிறது. நாலு கம்பிக்கு அப்பால், அதே திசையில் சாய்ந்து போகும் அதே பக்கத்துக் கம்பி ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் போட்டால் பிழைக்காது. நுழைக்கும்போது கம்பி வில் போல வளையலாம், மடியக்கூடாது.

நிப்பிளைப் போட்டு, பக்கத்துக் கம்பிகளில் எத்தனை மரை வெளியே தெரிகிறதோ அத்தனை தெரியும்வரை கையாலும் பிறகு ஸ்குறூ டிரைவராலும் ஏற்றுங்கள். ரிம்மின் உட்பக்கம் எட்டிப் பாருங்கள். கம்பி முனை நிப்பிளின் தலையில் உள்ள வெட்டுவரை வந்திருந்தால் நீளம் சரி. வெட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ரியூபைக் குத்தும், அரத்தால் தேய்த்துவிட வேண்டும். வெட்டுக்கு வெகு கீழே நின்றால் கம்பி கட்டை, நிப்பிளின் தலை ஒரு நாள் முறிந்து போகும். அதை விட்டுவைக்காதீர்கள்.

எந்தப் பக்கம் திருகுவது

நிப்பிளை எப்போதும் ரயர் பக்கத்திலிருந்து ஸ்குறூ டிரைவரால் திருகுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும். சைக்கிள் கவிழ்ந்திருக்க, நீங்கள் ரிம்மின் மேல்பகுதியை மேலிருந்து குனிந்து பார்த்தால் இதே பார்வை கிடைக்கும். அதே ஆள் கீழ்ப்பகுதி நிப்பிளை மேலிருந்து பார்த்தால் திசை தலைகீழாகிவிடும். பழகும்வரை ரிம்மின் உச்சியில் வரும் நிப்பிளை மட்டும் திருகுங்கள், அடுத்ததற்குச் சில்லைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு பழக்கம் பிழையை வெகுவாகக் குறைக்கும்.

கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். சாதாரண 2 மில்லிமீட்டர் தடிப்புக் கம்பியில் ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் கம்பி அதற்குள் நன்றாக இறுகிவிடும்.

நெளிவு எடுப்பது

முறிந்த கம்பி ஒன்றை எடுத்து, சில்லுக்குப் பக்கத்தில் உள்ள சட்டக் குழாயில் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். அதன் முனை ரிம்மின் பக்கத்தைப் பார்த்து நிற்கட்டும். இதுதான் காட்டி. சில்லைச் சுற்றினால் முனைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

முதலில் காதால் ஒரு சுற்று. கம்பிகளை ஒரு பக்கத்தில் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பாருங்கள், வீணைக்குச் சுருதி சேர்ப்பது போல. ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். 'டொப்' என்று ஒலி செத்துப் போனது தளர்ந்த கம்பி. அதில் சோக்கட்டியால் கோடிடுங்கள். பிறீவீல் பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் ஒலிப்பது இயல்பு, இரண்டையும் சமமாக்கப் பார்க்காதீர்கள். ஏன் அப்படி என்பது கீழே வருகிறது.

அந்த அண்ணனின் சில்லில் முறிந்த இடத்தில் ரிம் 7 மில்லிமீட்டர் மறுபக்கம் ஒதுங்கியிருந்தது. பிறீவீல் பக்கம் பிடிப்பதற்கு ஆள் இல்லாததால் மறுபக்கக் கம்பிகள் அதை இழுத்துக்கொண்டன. புதுக் கம்பி இரண்டையும் போட்டு, பக்கத்துக் கம்பிகளின் சுருதிக்கு ஏற்றியதும் 7 மில்லிமீட்டர் 3 ஆகக் குறைந்தது. காதால் தட்டியபோது மறுபக்கத்தில் ஐந்து கம்பிகள் செத்து ஒலித்தன. அவை இருந்த இடங்களில் ரிம் பிறீவீல் பக்கமாக ஒதுங்கி நின்றது.

முறை இதுதான். ரிம் மறுபக்கம் ஒதுங்கிய இடத்தில், அதன் நடுவிலுள்ள பிறீவீல் பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு இரு புறமும் உள்ள மறுபக்கக் கம்பிகளை எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். பிறீவீல் பக்கம் ஒதுங்கியிருந்தால் இதை மாற்றிச் செய்யுங்கள். தளர்த்துவதற்கு முன் காதால் கேளுங்கள். செத்து ஒலிக்கும் கம்பியை மேலும் தளர்த்தக்கூடாது, அப்படிப்பட்ட இடத்தில் எதிர்ப் பக்கத்தை இறுக்கியே வேலை முடிக்க வேண்டும். ஒரு இடத்தையே பிடித்துக்கொண்டிருக்காமல், பெரிய ஒதுக்கத்தைப் பாதியாகக் குறைத்து அடுத்த பெரியதற்குப் போங்கள். ஒன்றைச் சுத்தமாக நிமிர்த்தினால் பக்கத்தில் வேறொன்று முளைக்கும்.

ரிம் மேலும் கீழும் குதிப்பதும் உண்டு. வெளியே துருத்தும் இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் ஒரே அளவு இறுக்கினால் உள்ளே வரும், உள்ளே அமுங்கிய இடத்தில் ஒரே அளவு தளர்த்தினால் வெளியே வரும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

கம்பி இறுக்கமாக இருக்கும்போது நிப்பிளோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் முறுகும். பிறகு ஓடும்போது அது திரும்பி விட்டுவிடும், எடுத்த நெளிவு திரும்ப வரும். ஆகவே கால் சுற்றுக்குச் சற்றுக் கூடத் திருகி, அந்தச் சற்றைத் திரும்ப விடுங்கள்.

அண்ணனின் சில்லில் செத்து ஒலித்த ஐந்து கம்பிகளையும் சுருதிக்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டு சுற்று மெல்லத் திருத்தியதும் ஒதுக்கம் அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. சில்லைத் தட்டிவிட்டால் காட்டி முனையோடு சீராக ஓடியது. "ஆ, இப்ப சரி தம்பி" என்று அவர் எழும்பினார். அங்கேதான் நிறுத்தக் கூடாது.

நடுப்பார்ப்பது

கியர் வைத்த பின்ஹப்பில் பிறீவீல் இடம் எடுத்துக்கொள்வதால், அந்தப் பக்கத் தட்டு சில்லின் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது. மறுபக்கத் தட்டு தள்ளி நிற்கிறது. ரிம் நிற்க வேண்டியது இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் அல்ல, அச்சின் இரு பக்கமும் சட்டத்தைத் தொடும் லொக் நட்டுகளுக்கு நடுவில். அதனால் பிறீவீல் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று கூடுதல் இறுக்கத்தோடு இழுக்கும், மறுபக்கக் கம்பிகள் சாய்ந்து நின்று குறைந்த இறுக்கத்தோடு சமன் செய்யும். இரண்டு சுருதி கேட்பதற்குக் காரணம் இது. மறுபக்கம் எப்போதும் இறுக்கம் குறைவு என்பதால் நிப்பிள் தானாகக் கழன்று தளர்வதும் அங்கேதான் அதிகம்.

இப்போது அண்ணனின் சில்லில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மறுபக்கத்தில் ஐந்து கம்பிகளை இறுக்கினேன். ஒவ்வொன்றும் ரிம்மை அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. நெளிவு போனாலும் ரிம் முழுவதுமாக அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். கண்ணுக்கு இது தெரியாது, ஏனென்றால் ஆட்டமே இல்லை.

அளக்கும் வழி எளிது. காட்டியை அசைக்காதீர்கள். சில்லு ஒழுங்காகப் போட்டபடி இருக்க, காட்டி முனைக்கும் ரிம்முக்கும் இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். பிறகு அச்சு நட்டைத் தளர்த்திச் சில்லைக் கழற்றி, பிறீவீல் பக்கம் எதிர்ப்புறம் வரும்படி திருப்பிப் போட்டு, அதே காட்டியில் திரும்ப அளங்கள். இரண்டு தடவையும் அச்சு சட்டத்தின் வெட்டில் முழு ஆழத்துக்கு அமர்ந்திருக்க வேண்டும், நட்டையும் இறுக்கியே அளக்க வேண்டும். ஒரு பக்கம் அரைகுறையாக நின்றால் அளவு பொய். பிறீவீல் இன்னும் கழன்றபடியே இருப்பதால் திருப்பிப் போடுவது இலகு.

இரண்டு அளவும் ஒன்றானால் ரிம் நடுவில் இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் அதன் பாதிதான் விலகல். இந்த முறையின் நன்மை, சைக்கிள் சட்டமே கொஞ்சம் கோணியிருந்தாலும் முடிவு பிழைக்காது, ஏனென்றால் இரண்டு தடவையும் அதே சட்டம், அதே காட்டி.

காட்டியை நான் மறுபக்கக் குழாயில் கட்டியிருந்தேன். சில்லு ஒழுங்காக இருக்கும்போது இடைவெளி 5 மில்லிமீட்டர், திருப்பிப் போட்டபோது 8 மில்லிமீட்டர். வித்தியாசம் 3, ஆகவே ரிம் ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. எந்தப் பக்கம்? இடைவெளி குறைவாக வந்தபோது காட்டியைப் பார்த்து நின்ற பக்கம் எதுவோ அந்தப் பக்கம். அதாவது மறுபக்கம்.

ரிம்மைப் பிறீவீல் பக்கம் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு: பிறீவீல் பக்கத்துக் கம்பிகள் 18ஐயும் இறுக்கலாம், அல்லது மறுபக்கம் 18ஐயும் தளர்த்தலாம். எதைச் செய்வது என்பதைச் சுருதி சொல்லும். பிறீவீல் பக்கம் ஏற்கெனவே கல் போல இறுகி, சாவி கஷ்டப்பட்டுத் திரும்பினால் மறுபக்கத்தைத் தளர்த்துங்கள். இங்கே பிறீவீல் பக்கம் மொத்தமாகவே தாழ்ந்து ஒலித்தது, பழைய சில்லு. ஆகவே அதை இறுக்கினேன்.

காற்று அடைக்கும் வால்வு துளையில் தொடங்கி, பிறீவீல் பக்கக் கம்பி 18க்கும் வரிசையாகக் கால் சுற்று. ஒன்றையும் தவறவிடாமல், ஒன்றையும் இரண்டு தடவை திருகாமல் போக வேண்டும். வால்வு துளைக்குத் திரும்பியதும் ஒரு சுற்று முடிந்தது. எல்லாம் ஒரே அளவு திரும்பியதால் நெளிவு திரும்ப வராது, ரிம் முழுவதுமாக நகரும். இப்படி மூன்று சுற்றுகள் போன பிறகு இடைவெளி 6 மற்றும் 7 மில்லிமீட்டர். விலகல் அரை மில்லிமீட்டர். ரிம் பிறேக் வைத்த சைக்கிளுக்கு அது போதும் என்று நிறுத்தினேன். மறுபக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்தினால் சரியாக நடுவுக்கு வந்திருக்கும், ஆனால் மீன்பெட்டி ஏற்றும் சில்லில் குறைந்த இறுக்கத்தை மேலும் குறைக்க எனக்கு மனமில்லை. தளர்த்துவதென்றால் சிறு அளவுகளில் போங்கள், மறுபக்கக் கம்பி கால் சுற்றுக்கு ரிம்மைப் பிறீவீல் பக்கக் கம்பியை விடக் கூடுதலாக நகர்த்தும்.

கியர் இல்லாத முன்சில்லுக்கும் இதே அளவு முறைதான். அங்கே இரண்டு தட்டுகளும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் இரு பக்கச் சுருதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

கம்பியை அமர்த்துவது

புதுக் கம்பியின் வளைவு ஹப்பின் துளையில் முழுதாக அமர்ந்திருக்காது. ஒரே பக்கத்தில் பக்கம் பக்கமாகப் போகும் கம்பிகளை இரண்டு இரண்டாகக் கையுறை போட்ட கையால் பிடித்து, பலமாக ஒன்றையொன்று நோக்கி நெரியுங்கள். சில்லு முழுவதும் இப்படிச் செய்யுங்கள். சில நேரம் 'டிக்' என்று ஒலி வரும், அது முறுகிய கம்பி நிமிர்வது. இதை முடித்ததும் நெளிவையும் நடுவையும் திரும்பப் பாருங்கள். அநேகமாகச் சிறு திருத்தம் வேண்டியிருக்கும். பிறகு ரிம்மின் உட்பக்கத்தை விரலால் தடவி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் தேய்த்து, நாடாவைப் போட்டு ரயரை ஏற்றுங்கள்.

எங்கே நிறுத்துவது

ரிம் ஒதுங்கிய இடத்தில் அதை நேராக்க ஒரு பக்கக் கம்பியைக் கல் போல இறுக்கியும், எதிர்ப் பக்கக் கம்பியை முற்றாகத் தளர்த்தியும் ஒதுக்கம் போகவில்லையென்றால், ரிம்மின் உலோகமே வளைந்துவிட்டது. கம்பியால் அதை நிமிர்த்த முடியாது. நேராக்கியே தீர்வேன் என்று இழுத்தால் அந்தக் கம்பிகள் முதலில் போகும். நிப்பிள் துளையைச் சுற்றி ரிம்மில் விரிசல் தெரிந்தாலும், துரு ரிம்மைத் தின்று துளை பெரிதாகியிருந்தாலும் ரிம்மை மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் மாதத்துக்கு ஒரு கம்பி போய்க்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தின் மீதிக் கம்பிகளும் களைத்துவிட்டன. ஒவ்வொன்றாக மாற்றுவதை விட அந்தப் பக்கம் 18ஐயும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக மாற்றுவது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

வழியில் கம்பி போய், கையில் சாவி மட்டும் இருந்தால் முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதற்கு இரு புறமும் உள்ள எதிர்ப் பக்கக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிறேக் உரசாத அளவுக்கு ரிம் திரும்பி வரும். வீடு வரும்வரைக்கும் மட்டும்தான் அது, பெட்டியை இறக்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உருட்டி வருவது இன்னும் நல்லது.

திருத்திய சில்லு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். நிலாவெளி வரை இரண்டு தடவை போய்வந்த பிறகு சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் அண்ணன் வந்தார். தட்டிக் கேட்டதில் மறுபக்கக் கம்பி இரண்டு சுருதி இறங்கியிருந்தன, இரண்டும் நான் ஏற்றிய ஐந்தில் உள்ளவை. கால் சுற்று ஏற்றியதும் மற்றவற்றோடு சேர்ந்து ஒலித்தன. இடைவெளியை மீண்டும் அளந்தேன்: 6, 7. அசையவில்லை.